சின்னத் திரை கேட்கும் 1024 பைட்

0.96 அங்குல ஓஎல்இடி திரையைக் கையில் எடுத்துப் பார்த்தால், இதை ஓட்டுவதில் என்ன சிரமம் இருந்துவிடப் போகிறது என்று தோன்றும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது நான்கே கால்கள். இரண்டு மின்சாரத்துக்கு, மற்ற இரண்டு தகவலுக்கு. திரையில் குறுக்கே 128, நெடுக்கே 64 புள்ளிகள். ஒவ்வொன்றும் எரியும் அல்லது அணையும். இடைப்பட்ட வெளிச்சமோ நிறமோ கிடையாது. ஆர்டுயினோ ஊனோ பலகையோடு இணைத்து, இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரலை ஏற்றினால், கருப்புப் பின்னணியில் எழுத்துகள் பளிச்சென்று தெரியும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. திரையோடு ஓர் எஸ்டி கார்டையும் சேர்த்து, வெப்பநிலையைப் பதிவு செய்துகொண்டே காட்டும் கருவி ஒன்றைச் செய்யப் போகிறோம் என்று வையுங்கள். கார்டு தனியாக ஒழுங்காக வேலை செய்கிறது. திரையும் தனியாக ஒழுங்காக வேலை செய்கிறது. இரண்டையும் ஒரே நிரலில் சேர்த்ததும் திரை இருட்டாகிவிடுகிறது. வயரை மாற்றுகிறோம், திரையை மாற்றுகிறோம், பலன் இல்லை. பழுது வயரிலும் இல்லை, திரையிலும் இல்லை. ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சிப்பின் ரேம் மொத்தமே 2048 பைட். அதில் சரிபாதியை, அதாவது 1024 பைட்டை, இந்தச் சின்னத் திரைக்கான நிரல் தனக்கென்று கேட்கிறது. அது ஏன் அவ்வளவு கேட்கிறது, கேட்பதையெல்லாம் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா என்பதைப் பார்ப்போம்.

இரண்டு கம்பிகளில் என்ன போகிறது?

தகவலுக்கான இரண்டு கம்பிகளில் ஒன்றின் பெயர் எஸ்டிஏ, மற்றதன் பெயர் எஸ்சிஎல். பிலிப்ஸ் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஐ-டூ-சி என்னும் முறை இது. எஸ்சிஎல் தாளம் போடும். ஒவ்வொரு தாளத்துக்கும் எஸ்டிஏ ஒரு பிட்டைக் கடத்தும். எட்டு பிட் போனதும், ஒன்பதாவது தாளத்தில் கேட்பவர் ‘வந்து சேர்ந்தது’ என்று கம்பியைக் கீழே இழுத்துக் காட்டுவார். ஆக, ஒரு பைட் போய்ச்சேர ஒன்பது தாளம்.

ஒரே ஜோடிக் கம்பியில் பல கருவிகள் தொங்கலாம் என்பதால், பேச்சு எப்போதும் முகவரியோடு தொடங்கும். நம் திரைக்குள் இருக்கும் எஸ்எஸ்டி1306 என்னும் சிப்பின் முகவரி பெரும்பாலும் `0x3C`. திரையின் பின்பக்கத்தில் `0x78` என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் உண்டு. அதே முகவரியை ஓர் இடம் இடப்பக்கம் தள்ளி, எழுதவா படிக்கவா என்று சொல்லும் பிட்டையும் சேர்த்து எழுதியதுதான் அது. இரண்டும் ஒன்றே.

முகவரிக்கு அடுத்து ஒரு கட்டுப்பாட்டு பைட் வரும். அது `0x00` என்றால் பின்னால் வருபவை கட்டளைகள். `0x40` என்றால் பின்னால் வருபவை திரையில் தெரிய வேண்டிய புள்ளிகள். இதற்கு மேல் பெரிய மர்மம் எதுவும் இல்லை. புள்ளிகளைக் கொட்டினால் சிப் அவற்றைத் தன் சொந்த நினைவகத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு, நம் உதவி இல்லாமலே அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பத் திரையில் ஏற்றிக்கொண்டிருக்கும். நாம் ஐ-டூ-சியில் ஒன்றும் அனுப்பாமல் சும்மா இருந்தாலும் படம் அப்படியே நிற்கும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. திரைக்குள்ளேயே நினைவகம் இருக்கிறதே, ஊனோ எதற்காக இன்னொரு 1024 பைட்டை ஒதுக்க வேண்டும்?

எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட்

128-ஐ 64-ஆல் பெருக்கினால் 8192 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால், மொத்தம் 1024 பைட். எஸ்எஸ்டி1306 இந்த 1024 பைட்டை எட்டுப் பட்டைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு பட்டையின் உயரமும் எட்டுப் புள்ளி, நீளம் 128 பைட். பட்டைக்குப் ‘பேஜ்’ என்று பெயர். ஒரு பைட் என்பது அந்தப் பட்டையில் மேலிருந்து கீழாக நிற்கும் எட்டுப் புள்ளிகள். பைட்டின் மிகச்சிறிய பிட் உச்சியில் இருக்கும், மிகப்பெரிய பிட் அடியில் இருக்கும்.

இப்போது இடமிருந்து 50-ஆவது, மேலிருந்து 21-ஆவது இடத்தில் ஒரு புள்ளியை ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது. 21-ஐ எட்டால் வகுத்தால் ஈவு 2, மீதி 5. எனவே நம் புள்ளி 2-ஆம் எண் பேஜில், பைட்டின் 5-ஆம் எண் பிட்டில் இருக்கிறது. வரிசையாக எண்ணினால் 50 + 2 × 128 = 306-ஆம் எண் பைட். அந்தப் பிட்டின் மதிப்பு 32. சிப்புக்கு 32 என்று அனுப்பினால் புள்ளி எரியும். ஆனால் அதே பைட்டில் மற்ற ஏழு புள்ளிகளும் இருக்கின்றன. அவற்றில் சில ஏற்கெனவே ஒரு கோட்டின் பகுதியாகவோ எழுத்தின் பகுதியாகவோ எரிந்துகொண்டிருக்கலாம். 32 என்ற எண் அவை எல்லாவற்றையும் அணைத்துவிடும்.

அப்படியானால் முதலில் பழைய பைட்டைப் படித்து, அதில் நம் பிட்டை மட்டும் ஏற்றி, திருப்பி எழுத வேண்டும். ஆனால் இந்த இரண்டு கம்பி வழியில் எஸ்எஸ்டி1306 தன்னிடம் உள்ள படத்தைத் திருப்பித் தராது. எட்டுத் தகவல் கம்பிகளைப் பயன்படுத்தும் இணை இணைப்பில் மட்டுமே அந்த வசதி உண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு கரும்பலகையில் எழுதுகிறவர், முன்பு எழுதியதைப் பார்க்க முடியாததால் அதன் நகல் ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டியிருப்பது போன்ற நிலை இது. அந்த நகலுக்குத்தான் ஃப்ரேம் பஃபர் என்று பெயர். ஊனோவின் ரேமில் 1024 பைட் நீளத்துக்கு ஒரு வரிசை. கோடு போடுவது, வட்டம் வரைவது, எழுத்து பதிப்பது எல்லாம் முதலில் இந்த நகலில் நடக்கும். நகலில் ஒரு புள்ளியை ஏற்ற ஒரே வரி போதும்:

```
buffer[x + (y / 8) * 128] |= 1 << (y % 8);
```

வரைந்து முடித்ததும், நகல் முழுவதையும் திரைக்கு அனுப்பிவிடுவோம். `Adafruit_SSD1306` லைப்ரரியில் `display()` என்று எழுதினால் நடப்பது இதுதான். அதை எழுத மறந்தால், எவ்வளவு வரைந்தாலும் திரையில் ஒன்றும் மாறாது.

அனுப்புவதற்கும் ஒரு விலை உண்டு. ஊனோவில் ஐ-டூ-சியைக் கையாளும் `Wire` லைப்ரரியால் ஒரு தடவைக்கு 32 பைட்தான் அனுப்ப முடியும். அதில் ஒன்று கட்டுப்பாட்டு பைட்டுக்குப் போய்விடுவதால், புள்ளிகளுக்கு 31. எனவே 1024 பைட்டை அனுப்ப 34 தடவை வேண்டும். தடவைக்கு ஒரு முகவரி, ஒரு கட்டுப்பாட்டு பைட் என்று சேர்த்தால் மொத்தம் 1092 பைட். ஒன்பதால் பெருக்கினால் 9828 தாளம். விநாடிக்கு ஒரு லட்சம் தாளம் போடும் சாதாரண வேகத்தில் இதற்கு 98 மில்லிவிநாடி ஆகும். நான்கு லட்சம் தாளம் போடும் வேகத்தில் 25 மில்லிவிநாடி. முன்னதில் விநாடிக்குப் பத்துப் படம்கூடத் தேறுவது கடினம், பின்னதில் நாற்பதை நெருங்கலாம். வெப்பநிலையைக் காட்ட இரண்டுமே தாராளம். ஆகவே நம் கருவிக்கு நேரம் பிரச்சினை இல்லை. இடம்தான் பிரச்சினை.

2048 எங்கே போகிறது?

வெப்பநிலைப் பதிவுக் கருவியின் கணக்கை எழுதிப் பார்க்கலாம். கணினிக்குச் செய்தி அனுப்பும் `Serial`, வாங்குவதற்கு 64, அனுப்புவதற்கு 64 என்று 128 பைட் எடுத்துக்கொள்கிறது. `Wire` தன் உள்வேலைக்கு 32 பைட் வரிசைகள் ஐந்து வைத்திருக்கிறது; அது 160. எஸ்டி கார்டில் தகவல் 512 பைட் கட்டிகளாகவே எழுதப்படுவதால், அதன் லைப்ரரி ஒரு கட்டியை ரேமில் வைத்துக்கொண்டே ஆக வேண்டும், அது 512. இந்த மூன்றும் சேர்ந்து 800 ஆகிவிட்டது. நம்முடைய மாறிகள், சிறுசிறு சொற்றொடர்கள், லைப்ரரிகளின் சொந்தக் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் சிக்கனமாக 100 வைத்துக்கொள்வோம். மொத்தம் 900. மீதி 1148.

1148-இல் 1024 அடங்கிவிடும் அல்லவா? கூட்டல் கழித்தல் அடங்கும் என்றுதான் சொல்கிறது. ஆனால் `Adafruit_SSD1306` தன் ஃப்ரேம் பஃபரை முன்கூட்டியே ஒதுக்குவதில்லை. நிரல் ஓடத் தொடங்கி, `begin()` என்ற வரிக்கு வந்த பிறகுதான் ‘1024 பைட் கொடு’ என்று கேட்கிறது. அப்போது நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் பகுதி, ஸ்டாக்குக்கென்று 128 பைட்டை விலக்கி வைத்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்கும். 1148-இல் 128 போனால் 1020. கேட்பது 1024. நான்கு பைட் குறைகிறது. ஸ்டாக் அதற்குள் தின்றுவிட்ட பைட்களையும் சேர்த்தால் இன்னும் குறையும். கேட்டது கிடைக்கவில்லை. `begin()` ‘முடியாது’ என்று பதில் சொல்கிறது. அந்தப் பதிலை நம் நிரல் சோதிக்காவிட்டால், நமக்குத் தெரிவது இருட்டுத் திரை மட்டுமே.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. நிரலைத் தொகுத்து முடித்ததும் ஆர்டுயினோ மென்பொருள் `Global variables use` என்று தொடங்கி, ரேமில் எத்தனை பைட் செலவாகியிருக்கிறது என்று ஒரு வரி காட்டும். நம் கருவிக்கு அது சுமார் 900 என்றும், பாதிக்கு மேல் காலி என்றும் காட்டும். அது பொய் சொல்லவில்லை. ஓடும்போது கேட்கப்போகிற 1024 அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். எனவே இந்த லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்கள் அந்த வரியில் உள்ள எண்ணோடு 1024-ஐத் தாங்களே கூட்டிக்கொள்ள வேண்டும். `U8g2` லைப்ரரியின் முழு பஃபர் முறையில் அந்த 1024 முன்பே ஒதுக்கப்படுவதால், செலவு அந்த வரியிலேயே தெரிந்துவிடும்.

வலது கீழ் மூலையில் தெரியும் புள்ளிகள்

இருட்டுத் திரையாவது நேர்மையான தோல்வி. அதைவிடத் தொல்லை தருவது அரைகுறை வெற்றி. எப்படியோ அங்கே இங்கே கொஞ்சம் மிச்சம் பிடித்து, 1024 கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, `Serial.print("...")` என்று எழுதும் ஒவ்வொரு சொற்றொடரும் ஊனோவில் ரேமுக்கு நகலெடுக்கப்படும். அதை `F("...")` என்று எழுதினால் ஃப்ளாஷ் நினைவகத்திலேயே தங்கிவிடும். நான்கைந்து சொற்றொடரை அப்படி மாற்றினாலே எழுபது எண்பது பைட் மிச்சமாகும். பஃபரும் கிடைத்துவிடும். திரையும் எரியும்.

ஆனால் ஸ்டாக்குக்கு என்ன மிஞ்சியது? ஒரு செயற்கூறு இன்னொன்றைக் கூப்பிடும்போது, திரும்பி வர வேண்டிய முகவரியும் தற்காலிக மாறிகளும் ஸ்டாக்கில் அடுக்கப்படுகின்றன. ஸ்டாக் ரேமின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி வளரும். ஓடும்போது கேட்டு வாங்கிய பஃபர் கீழிருந்து மேலே வந்து அதன் வழியில் நிற்கும். எஸ்டி கார்டில் கோப்பைத் திறப்பதுபோல் பல அடுக்கு ஆழத்துக்குப் போகும் வேலை வந்தால், ஸ்டாக் பஃபரின் கடைசி பைட்களின் மேல் ஏறி எழுதிவிடும். ஊனோவில் இதைத் தடுக்கும் காவல் எதுவும் இல்லை.

பஃபரின் கடைசி பைட் எது? 1023-ஆம் எண் பைட். திரையில் அது கடைசி பேஜின் வலது ஓரம். ஆகவே, நினைவகத்தில் பஃபருக்கு மேலே வேறு எதுவும் ஒதுக்கப்படாதபோது, ஸ்டாக் மோதியதன் தடயம் திரையின் வலது கீழ் மூலையில் தாறுமாறான புள்ளிகளாகத் தெரியும். நாம் வரையாத புள்ளிகள் அங்கே பளிச்சிட்டு மாறிக்கொண்டிருந்தால், வயரைக் குறை சொல்லிப் பயனில்லை. மோதல் மறுபக்கமாகவும் நடக்கும். பஃபரைத் துடைக்கும் கட்டளை அங்கே கிடந்த திரும்பும் முகவரியையும் சேர்த்துப் பூஜ்யமாக்கிவிட்டால், நிரல் திரும்பிப் போகும் இடம் நினைவகத்தின் தொடக்கம். கருவி தானாக முதலிலிருந்து தொடங்குவதுபோல் தோன்றும், அல்லது உறைந்துபோகும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு காட்சி உண்டு. மின்சாரம் கொடுத்ததும் திரை முழுக்கப் பனி கொட்டியதுபோல் புள்ளிகள் நிறைந்து அப்படியே நின்றால், அது ரேம் மோதல் அல்ல. எஸ்எஸ்டி1306-இன் சொந்த நினைவகம் விழிக்கும்போது ஏதோ ஒரு குப்பையோடுதான் விழிக்கும். திரையை ஏற்றும் கட்டளை போய்ச்சேர்ந்திருக்கிறது, படம் இன்னும் போகவில்லை என்பதே அதன் பொருள்.

ஒரு பட்டையாக வரைவது

1024-ஐக் குறைக்க முதல் வழி, நகலைத் துண்டாக்குவது. `U8g2` லைப்ரரியில் திரையைத் தேர்ந்தெடுக்கும் பெயரில் `_F_` என்று இருந்தால் முழு பஃபர். `_1_` என்று இருந்தால் ஒரே ஒரு பேஜ், அதாவது 128 பைட். ஒரு பேஜுக்கான நகலை வைத்துக்கொண்டு படம் முழுவதையும் வரைவோம். அந்தப் பட்டைக்குள் விழும் புள்ளிகள் மட்டும் பதிவாகும், மற்றவை கைவிடப்படும். அதை அனுப்பிவிட்டு, அதே 128 பைட்டைத் துடைத்து, அடுத்த பட்டைக்காகப் படத்தை மறுபடி முதலிலிருந்து வரைவோம். எட்டுத் தடவை வரைந்தால் திரை நிறையும்.

```
float t = readTemp();
u8g2.firstPage();
do {
  drawScreen(t);
} while (u8g2.nextPage());
```

கம்பியில் போகும் தகவலின் அளவு கிட்டத்தட்ட முன்பு போலத்தான். வரையும் வேலைதான் எட்டு மடங்கு. மிச்சம் 896 பைட். எஸ்டி கார்டோடு சேர்த்தாலும் கருவி மூச்சு விடும்.

இந்த முறை ஒரே ஒரு ஒழுக்கத்தைக் கேட்கிறது: எட்டுத் தடவையும் அதே படத்தை வரைய வேண்டும். மேலே வெப்பநிலையைப் படிக்கும் வரி சுற்றுக்கு வெளியே இருப்பதைக் கவனியுங்கள். அதை உள்ளே வைத்தால், மூன்றாவது பட்டை வரையும்போது 31.9 என்றிருந்த அளவு நான்காவது பட்டையில் 32.0 ஆகியிருக்கலாம். அப்போது பெரிய எழுத்தில் காட்டும் எண்ணின் மேல்பாதி ஓர் எண்ணாகவும் கீழ்பாதி வேறோர் எண்ணாகவும் தெரியும். எண்கள் கிடைமட்டமாக வெட்டி ஒட்டியதுபோல் அவ்வப்போது தெரிந்து மறைந்தால் காரணம் இதுதான்.

படத்துக்குப் பதில் அளவுகளை வைத்தால்

இன்னும் கீழே இறங்க முடியுமா? நம் கருவி திரையில் எதைக் காட்டப் போகிறது என்பதைப் பார்த்தால், முடியும் என்று தெரியும். மேலே பெரிய எண்ணில் இப்போதைய வெப்பநிலை. கீழே கடந்த 128 அளவுகளின் பட்டை வரைபடம். இந்த இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதில்லை. ஃப்ரேம் பஃபர் வேண்டியிருந்ததே, ஒரே பைட்டைப் பல பொருள்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்பதால்தான். பங்கே இல்லாவிட்டால் பழையதை நினைவில் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

எனவே திரையைப் பேஜ் எல்லையிலேயே வெட்டுவோம். 0 முதல் 2 வரையிலான மூன்று பேஜ், அதாவது 24 புள்ளி உயரம், எண்ணுக்கு. 3 முதல் 7 வரையிலான ஐந்து பேஜ், 40 புள்ளி உயரம், வரைபடத்துக்கு. ஓர் இலக்கம் 16 புள்ளி அகலம் என்றால், அதற்கு 16 × 3 = 48 பைட். பத்து இலக்கத்துக்கும் 480 பைட். இவற்றைப் பேஜ் அமைப்பிலேயே முன்கூட்டித் தயாரித்து ஃப்ளாஷில் வைத்துவிடலாம்; அங்கே 32 கிலோபைட் இடம் இருக்கிறது. காட்டும்போது ஃப்ளாஷிலிருந்து ஒவ்வொரு பைட்டாக எடுத்து நேரே கம்பியில் விடவேண்டியதுதான். ஆனால் அந்த வரிசையை `PROGMEM` என்று குறிக்க வேண்டும், `pgm_read_byte` கொண்டு படிக்க வேண்டும். வெறும் `const` என்று எழுதினால் அந்த 480 பைட்டும் ரேமுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். மிச்சம் பிடிக்கப் போன இடத்தில் செலவு வந்துவிடும்.

வரைபடத்துக்கு நினைவில் வைக்க வேண்டியது 640 பைட் படம் அல்ல, 128 அளவுகள். ஒவ்வோர் அளவையும் 0 முதல் 40 வரையிலான உயரமாகச் சுருக்கினால் ஒரு பைட் போதும். ஆக 128 பைட். திரைக்கு அனுப்ப வேண்டிய ஒவ்வொரு பைட்டையும் அனுப்பும் நேரத்தில் கணக்கிட்டுக்கொள்ளலாம். முதலில் எந்தக் கட்டத்துக்குள் எழுதப் போகிறோம் என்று சிப்புக்குச் சொல்ல வேண்டும்:

```
0x20, 0x00
0x21, 0, 127
0x22, 3, 7
```

முதல் வரி, பைட்கள் இடமிருந்து வலமாக ஓடி, பட்டை முடிந்ததும் அடுத்த பட்டைக்குத் தாவ வேண்டும் என்று சொல்கிறது. இரண்டாவது நெடுவரிசை எல்லை, மூன்றாவது பேஜ் எல்லை. அதன் பிறகு 640 பைட் அனுப்பினால், ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் போய் உட்காரும். உயரம் `h`, அடியிலிருந்து எண்ணிய பட்டை `k`, அந்த இடத்துக்குரிய பைட் இது:

```
uint8_t barByte(int h, int k) {
  int n = h - 8 * k;
  if (n <= 0) return 0x00;
  if (n >= 8) return 0xFF;
  return 0xFF << (8 - n);
}
```

உயரம் 19 என்று வைத்துப் பாருங்கள். அடிப்பட்டையும் அதற்கு மேல் பட்டையும் முழுதாக எரியும், இரண்டும் `0xFF`. மூன்றாவது பட்டையில் மிச்சம் மூன்று புள்ளி. அவை அந்தப் பட்டையின் அடியில் நிற்க வேண்டும். அடியில் இருப்பவை பைட்டின் பெரிய பிட்கள் என்பதால் விடை `0xE0`. அதற்கு மேல் உள்ள இரண்டு பட்டையிலும் பூஜ்யம். வரைபடம் தலைகீழாகத் தொங்கினாலோ, ஒவ்வொரு தூணின் உச்சியும் எட்டுப் புள்ளிக்குள் பிசகித் தெரிந்தாலோ, பிட் வரிசையையோ பட்டை எண்ணும் திசையையோ மாற்றி எழுதியிருக்கிறோம் என்று பொருள்.

இப்போது கணக்கைத் திரும்பப் போடுவோம். முன்பு சொன்ன 900, அளவுகளுக்கு 128, மொத்தம் 1028. ஸ்டாக்குக்கு 1020 பைட் மிஞ்சுகிறது. நேரமும் குறைகிறது: வரைபடத்தின் 640 பைட்டை அனுப்ப 21 தடவை, நான்கு லட்சம் தாள வேகத்தில் சுமார் 15 மில்லிவிநாடி. தொடக்கத்தில் திரையின் குப்பையைத் துடைக்க 1024 பூஜ்யங்களை ஒருமுறை அனுப்ப வேண்டும். அதற்கும் ரேம் தேவையில்லை, ஒரே பூஜ்யத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பினால் போதும்.

எங்கே இது உதவாது?

இந்த வழிக்கு எல்லை உண்டு. எண்ணின் மேல் ஒரு சாய்கோடு ஓட வேண்டும், வரைபடத்துக்குள் எழுத்து வர வேண்டும், ஒரு சின்ன உருவம் திரையெங்கும் புள்ளி புள்ளியாக நகர வேண்டும் என்றால், ஒரே பைட்டில் பல பொருள்கள் கலக்கின்றன. அப்போது பேஜ் முறைக்குத் திரும்புவது நல்லது. படம் வரைய நேரம் அதிகம் பிடித்து, எட்டுத் தடவை வரைவது கட்டுப்படியாகாது என்றால், முழு பஃபர்தான் வழி. அதற்கேற்ற ரேம் உள்ள பலகையைத் தேட வேண்டும். 8 கிலோபைட் ரேம் உள்ள ஆர்டுயினோ மெகாவில் 1024 என்பது எட்டில் ஒரு பங்கு. 264 கிலோபைட் உள்ள ராஸ்பெரி பை பிக்கோவிலோ 520 கிலோபைட் உள்ள ஈஎஸ்பி32-இலோ அது கணக்கிலேயே வராது. மறுபக்கம், 512 பைட் ரேம் மட்டுமே உள்ள ஏடிடைனி85-இல் முழு பஃபருக்குப் பேச்சே இல்லை. அங்கே பேஜ் முறையோ, பஃபரே இல்லாத நேரடி முறையோதான் சாத்தியம்.

பெரிய சிப்புக்கு மாறினால் இந்தக் கணக்கை மறந்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். பிக்கோவோடு 320-க்கு 240 புள்ளி கொண்ட வண்ணத் திரையை இணைத்துப் பாருங்கள். அங்கே புள்ளிக்கு ஒரு பிட் அல்ல, இரண்டு பைட். முழு நகல் வேண்டுமென்றால் 1,53,600 பைட். பிக்கோவின் ரேமில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். திரையை வாங்கும் முன்பே அகலத்தை உயரத்தால் பெருக்கி, புள்ளிக்கான பிட்டால் பெருக்கி, எட்டால் வகுத்து, அந்த எண்ணைப் பலகையின் ரேமுக்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிடுவது நல்லது. எண் பெரிதாக வந்தால், திரையில் காட்டப்போகும் பொருள்களில் எவை ஒன்றோடொன்று கலக்கின்றன, எவை தனித்தனியாக நிற்கின்றன என்று ஒரு கட்டம் போட்ட தாளில் வரைந்து பாருங்கள். தனித்து நிற்பவற்றுக்கு நகல் வேண்டாம்.